நிலைக்கு மேலே: லிண்டலும் வெயில் மறைப்பும்

கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்குப் பாகத்திலே, ஆனையிறவுக்குத் தெற்கே, களப்பின் உப்புக்காற்று வீசும் எல்லையில் கண்டாவளை இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது அப்பகுதி மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். அவர்கள் திரும்பி வந்தபோது பலருடைய வளவுகளில் எஞ்சியிருந்தவை கூரையற்ற சுவர்களே. கதவுமில்லை, யன்னலுமில்லை, நிலைகளைக்கூட எவரோ பெயர்த்துப் போயிருந்தனர். ஆனால் சில சுவர்களிலே, வெறும் ஓட்டைகளாய்த் திறந்து கிடந்த வாசல்களுக்கு மேலே, லிண்டல் மட்டும் அசையாமற் கிடந்தது. வேறு சில சுவர்களிலோ அந்த லிண்டலின் முனையிலிருந்து படிப்படியாகக் கீழிறங்கும் வெடிப்பொன்று காணப்பட்டது. ஒரே காலத்தில், ஒரே வகைக் கல்லினாற் கட்டப்பட்ட சுவர்களிடையே இந்த வேற்றுமை ஏன் வந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2012ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இந்திய வீடமைப்புத் திட்டத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய கட்டத்திலிருந்து, வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை பெருமளவில் நடைபெற்றது. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய். அதுவும் ஒரே தொகையாகவன்றி, வேலை ஏற ஏறக் கட்டங் கட்டமாகவே கைக்கு வந்தது. மேசனைப் பிடிப்பதும் சீமெந்து வாங்குவதும் கம்பிக்குக் கணக்குப் பார்ப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. பெண்களே தலைமை தாங்கிய குடும்பங்கள் வன்னியிற் பல இருந்தன. ஆகவே கம்பிக் கணக்குப் பெண்களின் கொப்பிகளிலும் ஏறிற்று. அத்திவாரத்துக்கு இத்தனை மூடை, சுவருக்கு இத்தனை கல் என்று கேட்டறிவது எளிது. லிண்டல் மட்டத்துக்குச் சுவர் வந்தபோதுதான் கணக்கு வழுக்கிற்று. அது சிறிய வேலை; ஒரு நாளில் முடிந்துவிடும். ஆதலால் அதற்கென்று எவரும் தாளும் பென்சிலும் எடுப்பதில்லை.

அத்தகைய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு சமையலறை. 6 அங்குலத் தடிப்புள்ள சீமெந்துக் கற்சுவர். கதவுகள் நான்கு, ஒவ்வொன்றும் 3 அடி அகலம். யன்னல்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 4 அடி அகலம். வீட்டுக்கார அம்மாள் எல்லா அகலங்களையும் கூட்டுகிறாள்: நான்கு மூன்று பன்னிரண்டு, ஐந்து நான்கு இருபது, ஆக 32 அடி. “தம்பி, 32 அடி லிண்டலுக்குச் சாமான் எடுத்தாற் போதும்தானே?” என்று மேசனைக் கேட்கிறாள். மேசன் சிரித்துக்கொண்டு சொல்லுகிறான்: “அக்கா, நீங்கள் சொன்னது ஓட்டையின் கணக்கு. லிண்டல் ஓட்டையிலேயா இருக்கப்போகுது? சுவரிலே அல்லவோ இருக்கப்போகுது.”

விஷயம் அனைத்தும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. நிலைக்கு மேலே கிடக்கும் விட்டம் தன்மேல் வரும் பாரத்தைத் தன் இரு முனைகளுக்கும் கொண்டுபோய்ச் சுவரில் இறக்குகிறது. பாரம் இறங்கும் அந்த முனைப் பகுதியே தாங்கல் எனப்படும். வாசலுக்கு மேலே உள்ள சுவர் முழுவதும் லிண்டலை அழுத்துகிறது என்று பலர் எண்ணுவர், அது சரியன்று. கல்லை மாறி மாறி இணைத்துக் கட்டிய சுவர், தானே ஒரு வளைவைப் போல நின்று, பாரத்தின் பெரும்பகுதியைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும். லிண்டலின்மேல் நேரே கிடப்பது ஒரு முக்கோணமளவு சுவரே. அதனாற்றான் 4 அடி யன்னலுக்கு 6 அங்குல ஆழமுள்ள விட்டம் போதுமாகிறது. ஆனால் அந்த முக்கோணத்தின் பாரமுங்கூட ஈற்றில் இரண்டு முனைகளிலேதான் வந்து இறங்குகிறது. முனையில் 2 அங்குலம் மட்டுமே சுவரிலே பட்டிருந்தால், கல்லின் விளிம்பு நொருங்கும். விட்டம் ஒரு பக்கம் தாழும். யன்னலின் மேல்மூலையிலிருந்து வெடிப்புப் படிப்படியாக இறங்கும். வாசலின் நடுவே, லிண்டலின் அடிப்புறத்தில் நிலைக்குத்தாக வெடிப்புக் காணின் அது கம்பியின் குறை. மூலையிலிருந்து இறங்கும் வெடிப்பைக் கண்டால் முதலில் தாங்கலையே ஐயுற வேண்டும்.

தாங்கல் எவ்வளவு வேண்டும்? உள்ளறைக் கதவைப் போல, பாரம் குறைந்த 3 அடி வாசலுக்கு ஒவ்வொரு பக்கமும் 6 அங்குலம் குறைந்த அளவு. வெளிச்சுவரில், வெயில் மறைப்புத் தட்டும் சேர்ந்து வரும் இடங்களில், 9 அங்குலம் கொடுப்பது நல்லது. அதன் காரணம் பின்னர் விளங்கும். கண்டாவளை வீட்டின் முன்கதவு விறாந்தைக் கூரைக்குக் கீழே இருப்பதால் அதற்குத் தட்டு வேண்டியதில்லை. ஆகவே முன்கதவு ஒன்று, உள்ளறைக் கதவு இரண்டு, இம்மூன்றுக்கும் லிண்டல் 4 அடி வீதம். பின்கதவுக்கு நாலரை அடி. யன்னல் ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை அடி. கூட்டிப் பார்த்தால் 12, நாலரை, இருபத்தேழரை. ஆக 44 அடி. அம்மாளின் 32 அடிக்கும் இதற்கும் உள்ள 12 அடி முழுவதும் சுவருக்குள்ளே மறைந்து கிடக்கும் தாங்கல்.

அளவெடுக்கும்போது வழக்கமாக நேரும் தவறு இன்னொன்று உண்டு. கதவு என்றவுடன் கதவுப் பலகையின் அகலத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நிலைக்கால்கள் இரண்டையும் சேர்த்தால் இன்னும் ஐந்தாறு அங்குலம் கூடும். லிண்டலுக்கு வேண்டியது சுவரில் விடப்பட்ட திறப்பின் அகலம். நிலையின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம்வரை. பலகையை அளந்து தாங்கலைக் கூட்டியவன், தான் 6 அங்குலம் கொடுத்ததாக நம்பிக்கொண்டு மூன்றே அங்குலம் கொடுத்திருப்பான்.

தாங்கலின் நீளம் சரியாயிருந்தாலும், அது எதன்மேல் இருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். உட்குழி உள்ள கல்லாயின், முனை இருக்கும் கல்லின் குழியைக் கொங்கிறீற்றினால் நிரப்பிவிட வேண்டும். இல்லையேல் பாரம் ஓட்டின்மேல் வைத்ததுபோல் ஆகிவிடும். உடைந்த கல், துண்டுக் கல் ஆகியவற்றை அந்த இடத்தில் வைத்தலாகாது. இரண்டு யன்னல்களுக்கு நடுவே ஒன்றேகால் அடிச் சுவர்தான் உண்டென்றால், இரு பக்கத்திலிருந்தும் 9 அங்குலம் வந்து மோதும், இடம் போதாது. அங்கே இரண்டு லிண்டல்களை ஒன்றாக்கி ஒரே நீளமாக வார்ப்பதே முறை. அவ்வாறு செய்கையில் நடுச்சுவரின்மேல் லிண்டலின் மேற்பக்கம் இழுபடும். ஆகவே மேற்கம்பிகளை அவ்விடத்தில் ஒட்டுப் போடாமல் நீளமாகவே விடுதல் வேண்டும்.

லிண்டலின் கொங்கிறீற்றுக் கணக்கு எளிது. சுவரின் தடிப்பு அரை அடி, விட்டத்தின் ஆழம் அரை அடி. ஓர் அடி நீளத்துக்குக் கால் கன அடி. 44 அடிக்கு 11 கன அடி. இனி, தட்டுக்கு வருவோம்.

வெயில் மறைப்புத் தட்டு, லிண்டலிலிருந்து வெளியே நீட்டிய ஒரு பலகை போன்றது. வன்னியிலே அதன் பெரும்பயன் வெயிலைக் காட்டிலும் மழையைத் தடுப்பதே எனலாம். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை சாய்ந்தடிப்பது. தட்டில்லாத யன்னலின் கீழ்ச்சட்டம் இரண்டு மாரிக்குள் உளுத்துப்போகும். தட்டு சுவரிலிருந்து ஒன்றரை அடி நீண்டிருக்கட்டும். சுவரோரம் 3 அங்குலமும் வெளி விளிம்பில் 2 அங்குலமுமாகத் தடிப்புச் சரியட்டும். சராசரி இரண்டரை அங்குலம். நீளம் லிண்டலின் நீளமே. சாய்ந்த மழைக்கு இருபுறமும் ஒன்பது அங்குலம் மிகைதான் காவல். ஐந்து யன்னலுக்கும் பின்கதவுக்குமாகச் சேர்ந்து தட்டின் நீளம் 32 அடி. கணக்கிட்டால் சரியாக 10 கன அடி கொங்கிறீற்று வரும்.

லிண்டலுக்கு 11, தட்டுக்கு 10. தட்டு ஏதோ லிண்டலோடு ஒட்டிய அலங்காரம் என்று எண்ணுபவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் வியப்பைத் தரும். யன்னல் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதன் லிண்டலில் உள்ள கொங்கிறீற்று ஏறத்தாழ 94 கிலோ நிறை. அதன் தட்டோ 117 கிலோ நிறை. தாங்கப்படுவது தாங்குவதைவிடப் பாரமானது. அந்த 117 கிலோவுக்குக் கீழே தூணுமில்லை, சுவருமில்லை. ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது வெளியிலே தொங்குகிறது.

ஆகையால் இங்கே ஒரு தராசுக் கணக்குப் போட வேண்டியதாகிறது. சுவரின் வெளிமுகமே தராசின் முள் என்று கொள்வோம். தட்டின் 117 கிலோவும் அந்த முள்ளுக்கு வெளியே சுமார் எட்டரை அங்குலத் தூரத்தில் தொங்குவதற்குச் சமம். பெருக்கினால் ஏறக்குறைய 1,000. லிண்டலின் 94 கிலோ முள்ளுக்கு உள்ளே 3 அங்குலத்தில், அதாவது சுவரின் நடுவில், இருக்கிறது; அதன் பெருக்கம் 280 அளவே. வெளிப்பக்கம் 720 மிகை. அதனை ஈடுசெய்ய, லிண்டலின் முதுகின்மேல், அதே 3 அங்குலத்தில், 240 கிலோ பாரம் இருக்க வேண்டும். அந்தப் பாரம் எங்கிருந்து வரும்? லிண்டலுக்கு மேலே கட்டும் சுவரிலிருந்துதான். திண்மக் கல்லினால் ஐந்தரை அடி நீளத்துக்கு ஒரு வரிசை கட்டினால் அது 100 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, இரண்டு வரிசை போதாது. மூன்றாம் வரிசை ஏறும்போதுதான் தட்டுக் கவிழாமற் சமன்படுகிறது. சமன்படுவது பத்திரமாகாது. பொறியியலாளர் இதற்கு ஒன்றரை மடங்கேனும் கேட்பர். மீதியைக் கூரையின் பாரமும், சுவருக்குள் இறுகப் பிடிபட்ட லிண்டல் முனைகளுமே கொடுக்க வேண்டும். 9 அங்குலத் தாங்கல் கேட்டதன் காரணம் இதுதான். லிண்டல் முன்புறமாக முறுக முயலும்போது, அதன் இரு முனைகளையும் மேலும் கீழும் சுவர் பிடித்துக்கொள்கிறது. பிடிக்க நீளம் வேண்டாமா?

இக்கணக்கிலிருந்து இரண்டு விளைவுகள் தாமாகவே வரும். லிண்டலும் தட்டும் வார்த்து ஏழெட்டு நாளாயிற்று, கொங்கிறீற்று இறுகிவிட்டது, பலகையும் முட்டுக்காலும் அடுத்த வீட்டுக்கு வேண்டும் என்று, மேற்சுவர் கட்டுமுன்னரே முட்டைக் கழற்றுவது முதலாவது விபத்து. கொங்கிறீற்று உடையாது, முழுத் துண்டாக லிண்டலோடு சேர்ந்தே முன்னே கவிழும். இரண்டாவது, சாரக்கட்டுக்குப் பதிலாகத் தட்டின்மேல் ஏறி நிற்பது. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றால், பெருக்கம் 720. அதாவது இன்னும் 240 கிலோ சுவர்ப்பாரம் அந்த ஒருவருக்காக வேண்டும். சுவர் முற்றும் கட்டிக் கூரை ஏறிய பின்னர் அவர் நிற்பது வேறு. மூன்று வரிசையோடு நின்றுவிட்ட சுவரில் நிற்பது வேறு. பலகையையும் முட்டையும் பதினான்கு நாட்களுக்கு முன்னர் எடுத்தலாகாது. பதினான்கு நாள் கழிந்தாலும், மேற்சுவர் முடியுமட்டும் தட்டின் முட்டு நிற்கட்டும். தட்டின் நீட்டத்தை ஒன்றரை அடியிலிருந்து இரண்டடியாக்க விரும்புவோர், முதலில் இத்தராசைத் திரும்பவும் போட்டுப் பார்க்கக் கடவர்.

இனிக் கம்பி. லிண்டலில் மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு 10 மில்லிமீற்றர் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கம்பியின் முனை கொங்கிறீற்றுக்கு வெளியே தெரியலாகாது. இரு முனையிலும் ஒன்றரை அங்குலம் விட்டால், யன்னலுக்கு வேண்டிய துண்டு 5 அடி 3 அங்குலம், சிறிய லிண்டலுக்கு 3 அடி 9 அங்குலம், பின்கதவுக்கு 4 அடி 3 அங்குலம். கடையிலே கிடைப்பது 6 மீற்றர்க் கம்பி. இருபதடிக் கம்பி என்று சொல்வார்களேயன்றி, அளந்தால் 19 அடி 8 அங்குலமே இருக்கும். இங்கே வெட்டும் ஒழுங்கு பணத்தை மிச்சப்படுத்தும். ஒரு கம்பியில் யன்னல் துண்டு மூன்று வெட்டினால் 15 அடி 9 அங்குலம் போகும். எஞ்சுவதில் கதவுத் துண்டொன்று, 3 அடி 9 அங்குலம், பொருந்திவிடும். ஈற்றில் வீணாவது இரண்டங்குலமே. எல்லா யன்னலையும் முதலில் வெட்டி, மிச்சத் துண்டுகளை மூலையில் எறிந்துவிட்டு, கதவுக்குப் புதுக்கம்பி எடுப்பவருக்கு இரண்டு கம்பி மேலதிகமாகச் செல்லும். ஒழுங்காக வெட்டினால் ஒன்பது லிண்டலுக்கும் ஒன்பது கம்பி போதும். இந்த நான்கு கம்பிகளையும் சுற்றி 6 மில்லிமீற்றர்க் கம்பியில் நாலங்குலச் சதுர வளையங்கள், 6 அங்குலத்துக்கு ஒன்று. கட்டாத வளையம் வளையமன்று. நான்கு மூலையும் கட்டுக்கம்பியால் இறுகியிருத்தல் வேண்டும்.

தட்டின் கம்பியைப் பற்றியே பெருந்தவறு நிகழ்கிறது. லிண்டலில் முக்கியமான கம்பி கீழே இருப்பது; விட்டம் நடுவிலே தொய்யும்போது அடிப்புறமே இழுபடுகிறது. தட்டிலோ நிலை தலைகீழ். வெளி விளிம்பு தாழ முயலும், மேற்புறமே இழுபடும். ஆகவே பிரதான கம்பி மேற்புறத்தில், சுவருக்குக் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஓட வேண்டும். லிண்டல் கட்டிப் பழகிய கை, தட்டிலும் கம்பியைக் கீழே வைத்துவிடுகிறது. அல்லது நீளவாக்கில் நான்கு கம்பியைப் போட்டுவிட்டு, கம்பி போட்டாயிற்று என்கிறது. இரண்டுமே கம்பி போடாததற்குச் சமம்.

முறையான கம்பி எவ்வாறு வளையும் என்பதைச் சொல்லால் காட்டலாம். தட்டின் வெளி விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே அது தொடங்குகிறது. தட்டின் மேற்பாகத்தில் 17 அங்குலம் ஓடி லிண்டலை அடைகிறது. லிண்டலின் மேற்கம்பிகளின்மேல் 5 அங்குலம் படிந்து, பின்பக்கத்தால் 4 அங்குலம் இறங்கி, கீழ்க்கம்பிகளுக்கு அடியாக 4 அங்குலம் முன்னோக்கித் திரும்புகிறது. ஒரு கை, தடியைச் சுற்றிப் பிடிப்பதுபோல அது லிண்டலைப் பிடித்துக்கொள்கிறது. நீளங்களைக் கூட்டினால் 30 அங்குலம், இரண்டரை அடி. 6 அங்குலத்துக்கு ஒன்றாக, யன்னல் தட்டுக்குப் பன்னிரண்டு, பின்கதவுத் தட்டுக்குப் பத்து. ஆக எழுபது துண்டு. 6 மீற்றர்க் கம்பி ஒன்றில் ஏழு துண்டு கிடைக்கும், பத்துக் கம்பி. 6 மில்லிமீற்றர்க் கம்பியையும் இதற்கு இடுவோர் உளர். சிறு தட்டுக்கு வலிமையில் அது குறைவுபடாமல் இருக்கலாம். ஆனால் கொங்கிறீற்று வார்ப்பவரின் ஒரு மிதியில் அது வளைந்து பலகையைத் தொட்டுவிடும். 10 மில்லிமீற்றர் அவ்வளவு எளிதில் வளையாது. இந்தக் கம்பிகளுக்குக் கீழே, நீளவாக்கில் மூன்று மெல்லிய கம்பி கட்டினால் அவை இடம் பெயரா.

ஆக, லிண்டலுக்கு ஒன்பது, தட்டுக்குப் பத்து, 10 மில்லிமீற்றரில் பத்தொன்பது கம்பி. வளையத்துக்கும் குறுக்குக் கட்டுக்கும் 6 மில்லிமீற்றரில் பதினெட்டுக் கிலோ. வாசலின் அகலத்தை மட்டும் நான்கால் பெருக்கிக் கடைக்குப் போனவர் ஏழு கம்பியோடு திரும்பியிருப்பார்.

கம்பி மேலே இருக்க வேண்டும் என்று அறிந்தவர் வேலையிலும் அது கீழே போய்விடுவதுண்டு. தட்டின் தடிப்பே 3 அங்குலம். அதில் கம்பி ஓர் அங்குலம் தாழ்ந்தால், அதன் பயன் பாதியாகிவிடும். ஆகவே சிறு சீமெந்துக் கட்டிகளைக் கம்பிக்கு அடியிலே வைத்து, அதனை உயரத்தில் நிறுத்த வேண்டும். கொங்கிறீற்றைக் கொட்டும்போது தாச்சியை மேலிருந்து கவிழ்க்கலாகாது. பக்கத்திலிருந்து சரித்துவிட வேண்டும். வார்க்கும்போது ஒருவர் கம்பியைக் கவனிப்பதே தொழிலாக நிற்பது நன்று. கம்பிக்கு மேலே முக்கால் அங்குலக் கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டும். விளிம்பிலே தடிப்பு இரண்டங்குலமேயாதலால், தட்டுக்கு முக்கால் அங்குலச் சல்லி பருமன். அரையங்குலச் சல்லியே கம்பிக்கிடையில் இறங்கும்.

சீமெந்துக்கு வருவோம். 11உம் 10உம் 21 கன அடி. சிந்துவது சிதறுவதற்கு ஒன்றைக் கூட்டி 22. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில், ஒரு மூடை சீமெந்துக்கு இரண்டரை கன அடி மணலும் ஐந்து கன அடி சல்லியும் சேரும். தனித்தனியே கூட்டினால் எட்டேமுக்கால் கன அடி வரும். ஆனால் சல்லியின் இடைவெளியில் மணலும், மணலின் இடைவெளியில் சீமெந்தும் புகுந்துகொள்வதால், வார்த்து முடிந்தபின் ஐந்தரை கன அடியே தேறும். 22ஐ ஐந்தரையால் வகுத்தால் 4 மூடை. மணல் 10 கன அடி, சல்லி 20. வாசல் அகலத்தையே லிண்டலுக்கும் தட்டுக்கும் நீளமாகக் கொண்டவருக்கு இக்கணக்கு 3 மூடையில் நின்றுவிடும். அந்த ஒரு மூடைக்கு என்ன நேர்கிறது? மாலை நேரம், கடை தூரம், கடைசி இரண்டு யன்னலும் மிச்சம். அப்பொழுது மூன்றாம் மூடையின் ஈற்றுக் கலவையில் மணலும் தண்ணீரும் கூடுகின்றன. இவ்வாறு மெலிந்த கலவை விழுவது பெரும்பாலும் வீட்டின் பின்புறத்து யன்னலிலேதான். சமையலறைப் பக்கம், பிள்ளைகள் நிழலுக்கு இருந்து விளையாடும் பக்கம்.

மணலைப் பற்றி ஒரு சொல். இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு சுண்டிக்குளக் களப்பில் விழுகிறது. ஆனையிறவில் உப்பு விளைந்த நிலம் அது. களப்போரத்து மணல் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், அதனை அள்ளிவிட ஆசை எழும். நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும் மணல் கொங்கிறீற்றுக்கு ஆகாது. உப்பு, கம்பியைத் துருவாக்கும். துரு, கம்பியின் பருமனைக் கூட்டும். பருத்த கம்பி மேலே மூடிய கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். உப்புக்காற்று வீசும் ஊரில் முக்கால் அங்குல மூடலே சிக்கனமானது. அதையும் குறைத்தால், தட்டின் கம்பி சில ஆண்டுகளில் வெளியே தெரியும். பழுப்பு நிறக் கறை கோடாக இறங்குவதே அதன் முதல் அடையாளம். நன்னீராற் கழுவிய மணலும், குடிக்கத்தக்க கிணற்று நீருமே வேண்டும்.

வார்த்த மறுநாள் முதல் ஏழு நாளேனும் நனைந்த சாக்கு அதன்மேல் கிடக்கட்டும். பலகை எடுத்த பின், தட்டின் மேல்முகத்தை ஏணி வைத்து ஏறிப் பார்த்தல் வேண்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு அடிப்புறமே தெரியும், குறையோ மேற்புறத்தில் இருக்கும். சுவரோடு ஒட்டி, சுவருக்குச் சமாந்தரமாக மயிர்க்கோடு போல் ஒரு வெடிப்பு நீளத்துக்கு ஓடினால், கம்பி தாழ்ந்துவிட்டது என்பதே பொருள். அதன்மேல் சீமெந்துச் சாந்து பூசி மறைக்கலாகாது. பூச்சுத் தாங்காது, மழைநீர் உள்ளே போய்க் கம்பியைத் தின்னும். அத்தகைய தட்டை மீளவும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அதனை உடைத்து மறுபடி வார்ப்பதே முடிவாகும்.

இதுகாறும் சொன்ன அளவுகள் 4 அடியை ஒட்டிய திறப்புகளுக்கே பொருந்தும். 6 அடிக்கு மேற்பட்ட வாசல், கூரைச் சட்டத்தின் முனை நேரே லிண்டலின் நடுவில் வந்திறங்கும் இடம், மேலே கொங்கிறீற்றுத் தளம் வரும் சுவர் ஆகியவற்றுக்கு 6 அங்குல ஆழம் போதாது. அங்கே முக்கோணச் சுவர்க் கணக்குச் செல்லாது. அவற்றுக்குப் படம் வரைந்து கம்பி குறிக்கும் பொறியியலாளரிடமே செல்ல வேண்டும். மேசனின் அனுபவம் எவ்வளவு நீண்டதாயினும், அவன் முன்னே கட்டிய ஐம்பது யன்னலும் 4 அடியே என்றால், ஐம்பத்தோராவதாகிய 8 அடி விறாந்தை வாசலுக்கு அது சாட்சியாகாது.

கண்டாவளை வீட்டின் அம்மாள் இக்கணக்கைத் தன் மகளின் பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வரி. முதலில் திறப்பின் அகலம், அடுத்து இடத் தாங்கல், வலத் தாங்கல், அதற்கடுத்து லிண்டலின் நீளம், தட்டு உண்டா இல்லையா, உண்டெனில் நீட்டம். ஒன்பது வாசல், ஒன்பது வரி. கடைக்காரர் கேட்டாலும் உத்தியோகத்தர் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டலாம். மேசன் மாறினாலும் தாள் மாறாது. கம்பி கட்டி முடிந்து கொங்கிறீற்றுக் குழைக்குமுன், அவள் அந்தத் தாளோடு ஏணியில் ஏறி, ஒவ்வொரு பலகைப் பெட்டியின் முனையிலும் நாடாவை வைத்து, சுவருக்குள் 9 அங்குலம் இருக்கிறதா என்று அளந்து, தட்டின் கம்பியை விரலால் அழுத்திப் பார்த்து, அது பலகையைத் தொடவில்லை என்று கண்டபின்னரே, “சரி தம்பி, குழைக்கலாம்” என்று சொல்லுகிறாள்.